எல்லைக் கல் நகர்ந்தால் எல்லை நகருமா?

மாநில எல்லையோரத்தில் யாராவது ஒரு கல்லை நட்டால் போதும், அன்று மாலைக்குள் காணொளி பரவிவிடும். "நம்ம நிலத்துக்குள்ள கல்லு போட்டுட்டாங்க" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, தான் நிற்கும் நீலப் புள்ளியைக் காட்டி, "பாருங்க, இது நம்ம பக்கம்தான்" என்பார். மூன்றாமவர், மத்திய அரசு வந்து அளந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பார்.

மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் பேசுவது கல்லை, ஒருவர் பேசுவது படத்தை, ஒருவர் பேசுவது அதிகாரத்தை. எல்லை என்பது இவற்றில் எது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், கல்லை எப்படி நடுகிறார்கள், தொலைந்த கல்லை எப்படி மீட்கிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரியும்.

பத்திரமும் வேலியும்

ஒரு வீட்டு மனையின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கும். கிழக்கே இன்னாருடைய மனை, மேற்கே தெரு, வடக்கே வாய்க்கால் என்று செக்குபந்தி எழுதி, அளவும் சொல்லியிருப்பார்கள். அந்த எழுத்துப்படி தரையில் நான்கு மூலைக்கும் கல் நட்டு, முள்வேலி போடுகிறோம். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வேலியை இரண்டு அடி தள்ளிப் போட்டுவிட்டால் மனை சிறுத்துவிடுமா? சிறுக்காது. வேலி தப்பான இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பத்திரத்தை வைத்து அளந்து வேலியைத் திரும்பக் கொண்டுவரலாம்.

மாநில எல்லையும் இந்தக் கணக்குதான். எழுத்தில் எல்லையைச் சொல்லும் வேலையை வரையறுத்தல் என்போம். எழுதியதைத் தரையில் அடையாளமிட்டுக் காட்டும் வேலையை நாட்டுதல் என்போம். முதல் வேலை சட்டம் இயற்றுபவருடையது. இரண்டாவது வேலை நில அளவையருடையது. கல் நடுபவர் எல்லையை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே எழுதியிருப்பதைத் தரையில் கண்டுபிடிக்கிறார்.

இது நமக்குப் புதிதும் இல்லை. சோழர் காலத்து நிலக்கொடைச் செப்பேடுகளில், கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண் யானையை நடத்தி, "கல்லும் கள்ளியும் நாட்டி" எல்லை காட்டினார்கள் என்று வரும். கூடவே "கீழ்பாற்கெல்லை" தொடங்கி நான்கு திசைக்கும் எது எல்லை என்று வரிவரியாக எழுதியிருக்கும். எழுத்து தனி, அடையாளம் தனி. அடையாளத்திலும் கல் ஒன்று, கள்ளிச்செடி ஒன்று என இரண்டு வகை. கல்லைப் பிடுங்கினாலும் கள்ளி நிற்கும், கள்ளி காய்ந்தாலும் கல் கிடக்கும். இந்த இரட்டை ஏற்பாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், யமுனைக் கரையில் மறுபடி சந்திப்போம்.

மாநில எல்லையின் பத்திரம் எது?

இந்திய மாநிலங்களின் எல்லையை மாற்றும் அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஆகவே எல்லையின் பத்திரம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். இன்றைய தமிழ்நாடு–கேரள எல்லைக்கு அடிப்படை 1956ஆம் ஆண்டின் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம். அது 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1959ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தால். அது 1960 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வந்தது.

இந்தச் சட்டங்களைப் புரட்டுபவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். உள்ளே அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் இருக்காது. 1956 சட்டம் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு என்று வட்டங்களின் பெயரைச் சொல்கிறது. 1959 சட்டம் இன்னும் நெருங்கிப் போய், அட்டவணையில் கிராமங்களின் பெயர்களை வரிசையாகப் பட்டியலிடுகிறது. அதாவது சட்டம் கோடு கிழிக்கவில்லை. இந்தக் கிராமம் உனக்கு, அந்தக் கிராமம் எனக்கு என்று மட்டும் சொல்கிறது. கோடு எது என்றால், அந்தக் கிராமத்துக்கு ஏற்கெனவே எந்த விளிம்பு இருந்ததோ அதுதான்.

எல்லை எழுத்தில்தான் இருக்கிறது என்பதற்கு ஆரல்வாய்மொழிக் கணவாயைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1956 அக்டோபர் 31 வரை அது திருவிதாங்கூர்–கொச்சி, சென்னை ஆகிய இரு மாநிலங்களுக்கு நடுவே இருந்த எல்லை. மறுநாள் விடிந்தபோது ஒரே மாநிலத்தின் இரண்டு மாவட்டங்களுக்கு இடைப்பட்ட இடம். மலை நகரவில்லை, காற்றும் பழையபடியேதான் வீசியது. அதே நாளில் விளவங்கோடு வட்டத்துக்கும் நெய்யாற்றின்கரை வட்டத்துக்கும் இடையே இருந்த சாதாரண வட்ட எல்லை, மாநில எல்லையாக உயர்ந்துவிட்டது. அங்கேயும் அன்றிரவு யாரும் கோடு கிழிக்கவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எல்லையை வரையறுப்பது சட்டம். சட்டம் கிராமப் பெயர்களைச் சொல்கிறது. ஆகவே மாநில எல்லை எங்கே என்று தேடினால், கடைசியில் ஒரு கிராமத்தின் விளிம்பு எங்கே என்ற கேள்வியில்தான் போய் நிற்போம்.

கிராமத்தின் விளிம்பு எப்படிப் பதிவாகிறது

நம் பகுதியில் கிராமங்களின் விளிம்புகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நிலவரிக்காக முறையாக அளக்கப்பட்டவை. அளக்கப் பயன்பட்டது இரும்புச் சங்கிலி. அதன் நீளம் 66 அடி, அதாவது சுமார் 20.12 மீட்டர். அதில் 100 கண்ணிகள், ஒவ்வொன்றையும் லிங்க் என்பார்கள். பழைய படங்களில் கோட்டோரம் 347, 612 என்று எண்கள் இருந்தால் அவை அடியோ மீட்டரோ அல்ல, லிங்க். இதை அடி என்று எண்ணிக்கொண்டு சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

அளவையின் எலும்புக்கூடு முச்சந்திக் கற்கள். மூன்று கிராமங்களின் விளிம்பு ஒன்றுகூடும் இடத்தில் நடும் கல்லை அலுவலகத்தில் டிரைஜங்ஷன் கல் என்பார்கள், இந்தக் கட்டுரையில் முச்சந்திக் கல் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று கிராமத்துக்காரர்களும் ஒப்புக்கொண்டு, மூன்று கிராமப் படங்களிலும் பதிவாகும் இடம் அது. அதனால் அதை மாற்றுவது கடினம், மாற்றினால் கண்டுபிடிப்பது எளிது. ஒரு முச்சந்திக்கும் அடுத்ததற்கும் நடுவே விளிம்பு வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கல்.

வளைவுகளை அளக்கும் முறை எளிமையானது. இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே நேராகச் சங்கிலியை இழுப்பார்கள். அந்த நேர்க்கோட்டில் நடந்துகொண்டே, இந்த இடத்திலிருந்து வலப்பக்கம் செங்குத்தாக இத்தனை லிங்க் போனால் வளைவுக் கல் என்று குறித்துக்கொள்வார்கள். நடுவில் மூலைவிட்டங்களையும் அளந்துவைப்பார்கள். இப்படி ஒவ்வொரு புலத்துக்கும் தயாரான அளவுப் படத்துக்குப் புலப்படம் என்று பெயர். பட்டா வாங்கப் போகும் இடத்தில் எஃப்.எம்.பி. என்று கேட்பது இதைத்தான்.

புலப்படத்தின் பெருமை அதன் கோடுகளில் இல்லை, எண்களில் இருக்கிறது. காகிதம் சுருங்கும், நகல் எடுக்கும்போது இழுபடும். கோட்டின் மீது அளவுகோலை வைத்து அளந்தால் தவறு வரும். எழுதிவைத்த எண் மட்டும் சுருங்குவதில்லை. வேலை தெரிந்த சர்வேயர் யாரும் படத்தை ஸ்கேலால் அளக்க மாட்டார், எண்களைத்தான் படிப்பார்.

தொலைந்த கல்லை மீட்பது

எல்லைப் பராமரிப்பு என்றால் புதிதாகக் கல் நடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேலை, இருந்து காணாமல்போன கல்லின் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எண்கள் எளிமைக்காக நான் தேர்ந்தவை.

எல்லையோரம் அ, ஆ, இ என்று மூன்று கற்கள். நடுவிலிருந்த ஆ இப்போது இல்லை. புலப்படத்தில் அ–ஆ 600 லிங்க், ஆ–இ 800 லிங்க், அ–இ 1000 லிங்க் என்று இருக்கிறது. மீட்டருக்கு மாற்றினால் முறையே 120.70, 160.93, 201.17 வரும். இனி அ–விலிருந்து 120.70 மீட்டரிலும், இ–யிலிருந்து 160.93 மீட்டரிலும் வட்டம் போட்டு, அவை வெட்டும் இடத்தில் கல்லை நட்டுவிடலாமே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. முதலில் நிற்கும் இரண்டு கற்களுக்கு நடுவே அளக்க வேண்டும்.

அளந்தால் அ–இ தூரம் 201.47 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவைவிட 30 சென்டிமீட்டர் கூடுதல். இங்கேதான் அனுபவம் பேசும். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பழைய சங்கிலி நீண்டிருந்தது. சங்கிலியின் வளையங்கள் இழுத்து இழுத்துத் தேய்ந்து, விரிந்து, நாளடைவில் மொத்த நீளம் கூடிவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் எண் குறைவாகப் பதிவாகும், தரையோ அதைவிட அதிகமாக இருக்கும். இன்னொரு காரணம், அ அல்லது இ தன் இடத்தில் இல்லை, யாரோ பெயர்த்து நட்டிருக்கிறார்கள்.

எது என்று எப்படிச் சொல்வது? சுற்றுவட்டாரத்தில் நிற்கும் மற்றக் கற்களையும் இணை இணையாக அளக்க வேண்டும். 201.47 என்பது பதிவைவிட ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்கு கூடுதல். மற்ற எல்லா இணைகளிலும் இதே விகிதத்தில் கூடுதல் வந்தால் குற்றவாளி சங்கிலிதான். ஒவ்வொரு சங்கிலிக்கும் 3 சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது, கற்கள் அனைத்தும் நல்ல கற்கள். மாறாக, மற்ற இணைகள் ஒத்துப்போய், அ–வைத் தொடும் கோடுகள் மட்டும் முரண்பட்டால் அ நகர்ந்த கல். அதை வைத்து எதையும் அளக்கக் கூடாது.

நம் கணக்கில் சங்கிலிதான் காரணம் என்று தெரிந்தது. அப்படியானால் மற்ற இரண்டு தூரத்தையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். அ–ஆ 120.88 மீட்டர், ஆ–இ 161.18 மீட்டர். இப்போது வட்டம் போடலாம். இரண்டு வட்டங்கள் இரண்டு இடத்தில் வெட்டும், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் என்பதைக் கிராமப் படம் சொல்லும். கேட்கச் சின்ன விஷயம் போலத் தெரியும். தவறான பக்கத்தில் நட்டால் ஒரு மாநிலத்தின் மூலை அடுத்த மாநிலத்துக்குள் குத்திக்கொண்டு நிற்கும்.

இதற்குப் பிறகும் கல்லை நட்டுவிடக் கூடாது. கணக்கில் சேராத நான்காவது கல் ஒன்றிலிருந்து சரிபார்க்க வேண்டும். அதன் பதிவுத் தூரம் 1250 லிங்க் என்றால், திருத்திய கணக்குப்படி 251.84 மீட்டர் வர வேண்டும். 251.80 வந்தால் மனம் நிறையலாம். 253 வந்தால் எங்கோ தப்பு, திரும்பத் தொடங்க வேண்டும். பிறகு கண்டுபிடித்த இடத்தில் மண்ணைத் தோண்டிப் பார்ப்பார்கள். பல நேரம் கல்லின் தலை உடைந்து, அடிப்பகுதி மண்ணுக்குள் அப்படியே இருக்கும். கணக்கு காட்டிய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அந்த அடித்துண்டு கிடைத்தால் கணக்கைக் கைவிட்டு அடித்துண்டை ஏற்பார்கள். அசையாமல் இருந்த பழைய கல்லே முதல் சாட்சி, அளவு அதற்கு அடுத்த சாட்சி, ஊரார் நினைவு மூன்றாவது.

இந்தப் பகுதியின் சாரம் இவ்வளவே: கல் தொலைந்தாலும் அதன் இடம் தொலைவதில்லை, மற்றக் கற்களுக்கும் அதற்குமான தூரம் எழுத்தில் இருக்கும்வரை. ஒரு கல் போனால் மீட்கலாம். ஒரே பகுதியில் பத்துக் கற்கள் சேர்ந்து போனால்தான் தலைவலி.

இரண்டு படம், ஒரே விளிம்பு

ஒரே மாநிலத்துக்குள் நடந்தால் மேலே சொன்னதோடு வேலை முடிந்துவிடும். மாநில எல்லையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரே விளிம்பை இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்திருப்பார்கள். பாலக்காட்டுப் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும் ஒரு காலத்தில் ஒரே சென்னை மாகாணத்தின் மாவட்டங்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவை முறை. திருநெல்வேலிக்கும் பழைய திருவிதாங்கூருக்கும் நடுவே அப்படி இல்லை. அந்தப் பக்கம் வேறு அரசு, வேறு அலுவலகம், வேறு காலம்.

இரண்டு படங்களையும் விளிம்போடு விளிம்பு பொருத்தினால் சில இடத்தில் நடுவே இடைவெளி தெரியும், சில இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இடைவெளி என்றால் எவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றோ, ஏறியிருந்தால் பறிப்பு என்றோ பொருளில்லை. இரண்டு சங்கிலிகளின் பிழை சந்திக்கும் இடம் அது, அவ்வளவுதான். ஆனால் செய்தித் தலைப்பாகும்போது அது அப்படி வருவதில்லை.

இதனால்தான் எல்லையில் ஒரு மாநிலம் தனியாகக் கல் நடுவது முறையில்லை. கூட்டு நில அளவை நடக்க வேண்டும். இரு மாநிலத்தின் நில அளவைத் துறை, வருவாய்த் துறை, காடாக இருந்தால் வனத்துறை என எல்லோரும் தத்தம் படத்தோடு ஒரே நாளில் களத்துக்கு வருவார்கள். இரண்டு படமும் ஒப்புக்கொள்ளும் முச்சந்திக் கற்களை முதலில் தேடிப் பிடிப்பார்கள். அவற்றில் இருபுறமும் உடன்பட்ட பிறகு, நடுவிலுள்ள வளைவுகளுக்கு வருவார்கள். ஒத்துப்போன இடங்களுக்கு அங்கேயே இருதரப்பும் கையெழுத்திடும். ஒத்துப்போகாத இடங்களைக் குறித்துக்கொண்டு மேலே அனுப்புவார்கள். அங்கும் தீராவிட்டால், 1767 முதல் இயங்கும் இந்திய நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவை நடுநிலையாக அழைப்பதுண்டு. அதுவும் நாட்டுதலைத்தான் செய்யும், எல்லையை மாற்ற அதற்கு அதிகாரமில்லை. மாநிலங்களே வழக்காடினால் அரசமைப்பின் 131ஆம் பிரிவுப்படி உச்ச நீதிமன்றம்தான் இடம்.

2022 நவம்பரில் கேரளம் டிஜிட்டல் மறு நில அளவையைத் தொடங்கியபோது, எல்லையோரக் கிராமங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த பதற்றத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ஒரு மாநிலம் தன் கிராமங்களைப் புதிதாக அளக்க முழு உரிமை உண்டு. அதன் கடைசிக் கிராமத்தின் கடைசி விளிம்பை மட்டும் தனியாக முடிவுசெய்ய முடியாது. அப்படி எழுதினாலும் அது அவர்களுடைய பதிவு, எல்லையாகாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அளக்கிறார்களா என்பதல்ல, விளிம்பில் இரு தரப்பும் சேர்ந்து நின்றார்களா என்பதுதான்.

நடும் தூணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லைத் தூண் ஒரு சாண் அகலமாவது இருக்கும், எல்லைப் புள்ளிக்கு அகலமே கிடையாது. அதனால் தூணின் தலையில் ஒரு சிலுவைக் குறியோ, உலோகக் குமிழோ பதித்திருப்பார்கள். அளவு எல்லாம் அந்தக் குறியிலிருந்துதான். பக்கங்களில் வரிசை எண்ணும், அந்தந்தப் பக்கத்து மாநிலத்தின் எழுத்தும் இருக்கும். ஒரு தூணருகே நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது இடைவெளிக்கான பொது விதி. நேராகப் போகும் சமவெளியில் தூண்கள் குறைவு, வளைந்து போகும் இடத்தில் நெருக்கம். மலைமுகட்டில் மழைநீர் இரு பக்கமாகப் பிரியும் கோடே எல்லை என்று இருக்கும் இடங்களில் மலையே அடையாளம், கணவாய்களில் மட்டும் கல் போதும்.

நீரில் போகும் எல்லை

ஆறு எல்லையாக இருந்தால் வசதி என்று தோன்றும். யமுனைக் கரை உழவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். உத்தரப் பிரதேசத்துக்கும் அரியானாவுக்கும் நடுவே யமுனையின் ஆழ்நீரோட்டம்தான் ஒரு காலத்தில் எல்லையாக இருந்தது. ஆற்றில் ஆழமான நீர் எந்தத் தடத்தில் ஓடுகிறதோ அது. வெள்ளம் வந்து ஓட்டம் தடம் மாறினால், நேற்று ஒரு மாநிலத்தில் இருந்த வயல் இன்று அடுத்த மாநிலத்தில். வரி யாருக்கு, வழக்கு எங்கே, அறுவடை யாருடையது என்று ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் அடிதடி.

மத்திய அமைச்சராக இருந்த உமாசங்கர் தீட்சித் அளித்த நடுவர் முடிவின்படி, 1979இல் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் இதை நிலையான எல்லையாக ஆக்கியது. அதாவது ஆறு இனி எங்கே வேண்டுமானாலும் ஓடட்டும், கோடு அங்கேயே நிற்கும். இதே வழியைக் கங்கை, காக்ரா ஆறுகளோரம் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே வகுத்திருந்தது.

சட்டத்தில் கோடு நின்றுவிட்டது. தரையில் அதை எப்படிக் காட்டுவது? கோடு போகும் இடம் மணல்திட்டு, சில ஆண்டு நீரோட்டமே அதன் மேல். அங்கே நடும் தூண் அடுத்த வெள்ளத்தில் அடித்துப் போகும். இதற்காகத்தான் சாட்சிக் கல். எல்லைப் புள்ளியில் இல்லாமல், வெள்ளம் எட்டாத மேட்டில் இருபுறமும் உறுதியான தூண் கட்டி, அங்கிருந்து எந்தத் திசையில், எத்தனை மீட்டர் தள்ளி உண்மையான புள்ளி என்று பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். புள்ளியில் நட்ட தூண் போனாலும் சாட்சிகளிலிருந்து அளந்து மறுபடி நடலாம். ஒரு கரையின் சாட்சியும் போய்விட்டால் எதிர்க்கரையினது இருக்கும். கல்லும் கள்ளியும் நாட்டியவர்களின் அதே யோசனைதான், கருவி மட்டும் வேறு.

சாட்சிக் கல்லையே எல்லைக் கல் என்று நினைத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மேட்டில் நிற்கும் தூணைக் காட்டி, இதுவரை எங்கள் மாநிலம் என்று ஆற்றுக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் நிலத்தை விட்டுக்கொடுப்பவரும் உண்டு, கேட்பவரும் உண்டு. தூண் எந்த வகை என்பதை அதன் எண்ணை வைத்துப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்.

யார் பார்த்துக்கொள்கிறார்கள்

தமிழ்நாட்டில் நில அளவைக் கற்களுக்கு அடிப்படை 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். அதன்படி பட்டாதாரருக்கே தன் நிலத்துக் கல்லைப் பேணும் கடமை இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. கிராம நிர்வாக அலுவலர் கற்களைப் பார்வையிட்டு இல்லாதவற்றைக் குறிக்க வேண்டும், குறுவட்ட அளவர் வந்து மீட்டு நட வேண்டும். மாநில எல்லைத் தூணாக இருந்தால் இரு மாநிலமும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றை எண் தூண்கள் ஒருவருக்கு, இரட்டை எண் தூண்கள் மற்றவருக்கு என்பது எளிய ஏற்பாடுகளில் ஒன்று. இதனால் இருதரப்பும் முழு எல்லையையும் நடந்தாக வேண்டியிருக்கும், அதுதான் அதன் சாமர்த்தியம்.

அரசு நட்ட எல்லைக் கல்லைப் பெயர்ப்பது குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவில் இதற்கு ஓராண்டு வரை சிறை இருந்தது, புதிய சட்டத்திலும் அந்தக் குற்றம் தொடர்கிறது. ஆனாலும் கற்கள் போவது பெரும்பாலும் களவால் அல்ல. உழும்போது டிராக்டர் இடிக்கும். சாலையை அகலப்படுத்தும்போது மண்ணோடு அள்ளிப் போகும். துணி துவைக்கத் தோதான கல் என்று வீட்டுக்கு வந்துவிடுவதும் உண்டு.

வேண்டுமென்றே அழித்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெல்லாரி சாட்சி. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது பழைய பெல்லாரி மாவட்டம் ஆந்திரத்துக்கும் இன்றைய கர்நாடகத்துக்குமாக வட்டவாரியாகப் பிரிந்தது. எல்லை காப்புக்காட்டு மலைகளின் மேல் போனது. அங்கே இரும்புத்தாதுச் சுரங்கங்கள் பெருகியபோது எல்லை அடையாளங்கள் சிதைந்தன, எல்லையோரத்துச் சுக்குலம்மா தேவி கோயில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கல் போனால் கல்லை மீட்கலாம் என்றோம். கல் நின்ற குன்றையே வெட்டி ஏற்றுமதி செய்துவிட்டால் தோண்டிப் பார்க்க அடித்துண்டு ஏது? பழைய காட்டுப் படத்தையும், சுரங்கம் தொடாத தூரத்து முச்சந்திகளையும் கொண்டுதான் கோட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். உச்ச நீதிமன்றம் அந்த வேலையைச் சர்வே ஆஃப் இந்தியா வழியாகச் செய்ய வைத்தது. 2013 தீர்ப்பில், எல்லையை ஒட்டிய சில சுரங்கக் குத்தகைகளை, எல்லை தெளியும்வரை நிறுத்தியே வைத்தது.

கைபேசியின் நீலப் புள்ளி

இப்போது அந்த இரண்டாவது ஆளிடம் வருவோம். அவர் கைபேசி காட்டும் இடத்திலேயே திறந்தவெளியில் சில மீட்டர் பிழை உண்டு, மரத்தடியில் இன்னும் கூடும். அளவையர் கையிலிருக்கும் ஜி.பி.எஸ். கருவி வேறு வகை. இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையம் ஒன்றின் திருத்தத்தை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு சில சென்டிமீட்டருக்குள் சொல்லும்.

ஆனால் பெரிய பிழை புள்ளியில் இல்லை, திரையில் தெரியும் எல்லைக் கோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டைப் பெரும்பாலும் சிறிய அளவிலான படத்தைப் பார்த்து வரைந்திருப்பார்கள். 1:50,000 அளவுள்ள படத்தில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 25 மீட்டர் அகலம். அதற்குள் ஒரு தோப்பே அடங்கும். இன்னொன்று, இந்தியாவின் பழைய படங்கள் எவரெஸ்ட் என்ற பழைய புவி வடிவக் கணக்கில் அமைந்தவை. கைபேசி பயன்படுத்துவது வேறு கணக்கு. பழைய படத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மாற்றாமல் அப்படியே கைபேசியில் இட்டால் தென்னிந்தியாவில் இருநூறு மீட்டர் அளவுக்கு இடம் தள்ளிப் போகும். எல்லை தெரியாமல் அடித்துக்கொள்ள இது தாராளமாகப் போதும்.

அச்சிட்ட இந்தியப் படங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். 1971ஆம் ஆண்டின் வடகிழக்குப் பகுதிகள் மறுசீரமைப்புச் சட்டத்தைப் பொருள்கொண்டபடி சில மாநில எல்லைகள் காட்டப்பட்டுள்ளன, அவை இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று. படம் வரைந்தவர்களே தங்கள் கோட்டைப் பற்றி அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அடுத்த முறை யாராவது கைபேசியை நீட்டினால், அந்த இடத்தின் கிராமப் பெயரையும், பக்கத்து முச்சந்திக் கல்லின் எண்ணையும் கேளுங்கள். அவை இருந்தால் பேச்சைத் தொடரலாம்.